பாட்டு புக்கு படிக்க முடியலன்னு சொல்றாங்களா? எழுத்து சைஸ், வரி கேப், வரி நீளம்: எத மொதல்ல பாக்கறது

தைப்பூசம், பங்குனி உத்திரம், நவராத்திரின்னு சீசன் வந்துட்டா கே.எல். பக்கம் கோவில் கமிட்டிங்க எல்லாம் பாட்டு புக்கு போட கெளம்பிடுவாங்க, செந்தூல்லயும் பிரிக்ஃபீல்ட்ஸ்லயும் எனக்கு தெரிஞ்சவங்களுக்கு நான்தான் லேஅவுட் சரி பண்ணி குடுக்கறேன், அதுல எப்பவும் வர்ற கம்ப்ளெயின்ட் ஒண்ணுதான்: "புக்கு அழகா இருக்கு தம்பி, ஆனா படிக்க முடியல."

இப்படி சொல்றவங்களுக்கு உள்ளுக்குள்ள இருக்கற காரணம் ஆளுக்கு ஆள் வேற. ஒருத்தருக்கு எழுத்து சின்னது, ஒருத்தருக்கு வரி மாறிப்போவுது, இன்னொருத்தருக்கு பாட்டு எங்க முடியுதுன்னே தெரியல. எல்லாத்துக்கும் "ஃபாண்ட பெருசாக்கு"ன்னு ஒரே மருந்து குடுத்தா பக்கம்தான் ஏறும், பிரச்சன அப்படியே இருக்கும். அதனால கீழ என்ன கஷ்டம்னு சொல்றாங்களோ அந்த தலைப்புக்கு நேரா போங்க. எல்லாம் ஏ5 சைஸ், நடுவுல பின் அடிச்ச புக்கு, வேர்ட்ல டைப் பண்ணதுன்னு வச்சு சொல்றேன், நம்ம ஆளுங்க முக்காவாசி பேரு அப்படித்தான் பண்றாங்க.

ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், அச்சடிச்ச புக்கு ஒண்ணு கையில வச்சுக்குங்க. ஸ்க்ரீன பாத்து எதையும் முடிவு பண்ணாதீங்க, ஸ்க்ரீன்ல எல்லாமே பெருசாத்தான் தெரியும்.

## "எழுத்து பொடிப்பொடியா இருக்கு"

கைய நீட்டி புக்க தூரமா புடிக்கறாங்க, இல்ல டியூப்லைட்டுக்கு கீழ போய் நிக்கறாங்கன்னா இதுதான்.

மொதல் சந்தேகம்: கடையில சுருக்கி அடிச்சிருக்காங்க. பத்துல ஏழு தடவ இதுதான்னு அடிச்சு சொல்லுவேன். செயலாளர் வேர்ட தொறந்தா பக்கம் ஏ4ல இருக்கும், 12 பாயிண்ட்ல அழகா டைப் பண்ணி பிடிஎஃப் ஆக்கி ஃபோட்டோஸ்டேட் கடைக்கு வாட்ஸப்ல தட்டி விட்டுடுவாரு, கடைக்காரரு புக்லெட்டுன்னதும் ஏ4 பக்கத்த பாதியாக்கி ரெண்ட ரெண்டா ஒரு தாள்ல அடிச்சு மடிச்சு பின் போட்டு குடுத்துடுவாரு. ஏ4 ஏ5க்கு போவும்போது எல்லாமே 71 சதவீதமா சுருங்கும். 12 பாயிண்ட் இப்ப 8.5 பாயிண்ட். 11ல டைப் பண்ணிருந்தா 7.8, அது மருந்து டப்பாக்குள்ள வர்ற சீட்டு மாதிரி.

எப்படி கண்டுபிடிக்கறது? வேர்ட்ல எழுத்து ஓடுற அகலம் எவ்ளோன்னு பாருங்க, பக்க அகலத்துல ரெண்டு பக்க மார்ஜினையும் கழிச்சா வந்துடும். அதே அகலத்த புக்குல ஸ்கேல் வச்சு அளங்க. ஃபைல்ல 160 மில்லி, புக்குல 113 மில்லின்னா சுருங்கிருச்சு, முடிஞ்சது. இன்னும் அடிக்கலன்னா ஃபைல்ல எங்கயாச்சும் சரியா 100 மில்லிக்கு ஒரு கோடு போட்டு ஒரு பக்கம் அடிச்சு பாருங்க. 71 வந்தா மேல சொன்ன கத. 94, 97ன்னு வந்தா பிரிண்ட் பண்ணும்போது Fit போட்டிருக்காங்க, அத Actual size ஆக்க சொல்லுங்க, காசு செலவில்லாத வைத்தியம்.

சரி பண்றது: Layout போய் Size-ல A5 எடுத்துட்டு அப்பறம் டைப் பண்ணுங்க. அப்ப 13ன்னு போட்டா 13தான் வரும். இல்ல, ஃபைல் ஏ4லயே இருக்கட்டும்னு புடிவாதம் புடிச்சா 13 வரணும்னா 18.5 போட்டு டைப் பண்ணணும்.

ரெண்டாவது: அந்த ஃபாண்ட்டே சின்ன ஃபாண்ட்டு. ஒரே 12 பாயிண்ட்ல ரெண்டு ஃபாண்ட்ட அடிச்சு பாருங்க, ஒண்ணு குண்டா இருக்கும், ஒண்ணு ஒல்லியா குட்டியா இருக்கும். பாயிண்ட்ங்கறது எழுத்து நிக்கற மொத்த எடத்தோட அளவு, எழுத்தோட ஒசரம் இல்ல, அதனால நம்பர நம்பாதீங்க. "ப" எழுத்த மட்டும் ஸ்கேல்ல அளங்க, கண்ணுக்கு எட்டலன்னா ஸ்கேலோட சேத்து ஃபோன்ல படம் புடிச்சு பெருசாக்கி பாருங்க. வயசானவங்க படிக்கற புக்குன்னா "ப" ரெண்டரை மில்லி ஒசரமாச்சும் இருக்கணும்ங்கறது என் கணக்கு, நிறைய ஃபாண்ட்ல அது 12லேர்ந்து 13.5 பாயிண்டுக்குள்ள எங்கயோ வரும். எளவட்டங்களுக்கு 11 போதும், ஆனா கோவில்ல பாட்டு புக்க கையில எடுக்கறது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

மூணாவது: சைஸ் சரி, மை சரியில்ல. கோடு மெல்லிசா இருக்கற ஃபாண்ட், சாம்பல் கலர் எழுத்து, மஞ்சள் தாள்ல செவப்பு எழுத்து, பின்னாடி முருகர் படத்த மங்கலா போட்டு அதுமேல பாட்டு. அந்த கடைசி ஐடியா யார் ஆரம்பிச்சாங்கன்னு தெரியல, ஆனா நிறுத்தணும். இதுக்கு ஒரு சோதன: அதே பக்கத்த வெள்ள தாள்ல கருப்புல அடிச்சு அதே ஆள்கிட்ட குடுங்க. படிச்சுட்டாருன்னா சைஸ தொடவே வேணாம். தாளும் பாருங்க, பளபளா ஆர்ட் பேப்பர்ல லைட் அடிச்சா எழுத்து மறையும், 80 கிராம் சிமிலி பேப்பர் வெலையும் கம்மி கண்ணுக்கும் எதம்.

## "வரி மாறிப்போவுது, படிச்ச வரியவே திரும்ப படிக்கறேன்"

எழுத்து தெரியுது, ஆனா வரி முடிஞ்சு அடுத்த வரிக்கு வரும்போது கண்ணு தப்பான எடத்துல போய் நிக்குது. கூட்டமா சேந்து பாடும்போது இது நல்லா தெரியும், நாலு பேரு ஒரு வரி முன்னாடி போயிருப்பாங்க.

மொதல்ல ஒரு தபால் கார்டோ கவரோ எடுத்து படிக்கற வரிக்கு கீழ வச்சு படிக்க சொல்லுங்க. கார்டு வச்சதும் தடுமாறாம படிச்சா எழுத்து சைஸ் மேல குத்தம் இல்ல, வரி கேப்போ வரி நீளமோ தான். கார்டு வச்சும் தடுமாறினா மேல இருக்கற தலைப்புக்கு திரும்பி போங்க.

வரி கேப். இத அளக்க ஒரு வழி: ஒரு வரியோட அடிலேர்ந்து, அந்த வரிய எண்ணாம கீழ பத்தாவது வரியோட அடி வரைக்கும் மில்லில அளங்க, பத்தால வகுங்க, 0.353ஆல வகுத்தா பாயிண்ட்ல வந்துடும். அந்த பாயிண்ட்ட எழுத்து சைஸால வகுத்தா 1.4 பக்கம் வரணும். 12க்கு 17, 13க்கு 18. 1.2 வந்தா அது ஆங்கிலத்துக்கு வச்ச கணக்கு, லேஅவுட் சாஃப்ட்வேருங்க தானா போடறது அதுதான், இன்டிசைன்ல Auto விட்டா 120 சதவீதம் தான். ஆங்கிலத்துல முக்காவாசி எழுத்து ஒரே ஒசரத்துல அடங்கிடும். நம்ம எழுத்துல மேல ஒரு சுழி, கீழ ஒரு வாலு, ரெண்டுக்கும் எடம் வேணும், இல்லன்னா ரெண்டு வரிக்கு நடுவுல இருக்கற வெள்ள கோடு காணாம போயிடும், கண்ணு புடிச்சுக்கிட்டு போறதே அந்த வெள்ள கோட்டதான்.

வேர்ட்ல Paragraph உள்ள Line spacing-ல Exactly எடுத்து 18 pt போடுங்க. Single, 1.5ன்னு விட்டா அது ஃபாண்டுக்கு ஃபாண்ட் மாறும், ஃபாண்ட்ட மாத்தின அன்னிக்கு முப்பது பக்கமும் நகந்துடும்.

அதுக்காக ரொம்பவும் தொறந்து விடாதீங்க. 1.7, 1.8ன்னு போயிட்டா ஒரு பாட்டோட நாலு வரியும் தனித்தனியா மெதக்கும், ஒரு பாட்டு எங்க முடிஞ்சு அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல விடற எடம், வரிக்கு நடுவுல விடறத விட பளிச்சுனு ஜாஸ்தியா இருக்கணும்.

வரி நீளம். கேப் சரியா இருந்தும் மாறுதுன்னா இதுதான், உரைநடை பக்கத்துலதான் வரும், தல வரலாறு, தலைவர் உரை அந்த மாதிரி. ஒரு பக்கத்துல அஞ்சாறு வரிய எடுத்து எத்தன சொல்லுன்னு எண்ணுங்க. ஏ5ல நாலுலேர்ந்து ஆறு சொல் வந்தா சொகமா படிக்கலாம், ஏழு தாங்கும், எட்டுக்கு மேல போனா வரி கேப்ப ஏத்தணும் இல்ல எழுத்த பெருசாக்கணும். ஆங்கில புத்தகத்துக்கு வரிக்கு அறுவது எழுபது எழுத்துன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அத தூக்கி தமிழுக்கு போட்டா எழுத்து எறும்பு சைஸ்ல வந்துடும், நம்ம எழுத்து அகலம், "ண"வும் "ன"வும் எடுக்கற எடத்த பாருங்க. கி, கூ, க் எல்லாத்தையும் ஒவ்வொரு எழுத்தா எண்ணினா தமிழ்ல வரிக்கு 25லேர்ந்து 40 வரைக்கும் போதும்.

## "எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு இடிக்குது" இல்லன்னா "மேல வெட்டுப்பட்டிருக்கு"

இது ரெண்டு வேற வேற கோளாறு, ஆனா காரணம் பக்கத்து பக்கத்துலதான்.

இடிக்குதுன்னா மேல் வரில பூ, மூ, சூ, து வந்து, சரியா அதுக்கு கீழ கீ, ரீ, ணீ வந்திருக்கும். சோதிக்கறது சுலபம், இந்த ரெண்டு வரிய உங்க ஃபாண்ட்ல உங்க சைஸ்ல டைப் பண்ணி அடிச்சு பாருங்க:

```
பூ மூ சூ து ழு பூ மூ சூ து ழு
கீ ரீ ணீ வீ தீ கீ ரீ ணீ வீ தீ
```

நடுவுல வெள்ளயா ஒரு கோடு தெரியணும். தெரியலன்னா கேப்ப ஒரு பாயிண்ட் ஏத்துங்க, மறுபடி பாருங்க.

மேல் சுழியோட தலையே வெட்டுப்பட்டிருக்குன்னா Exactly-ல ரொம்ப கம்மியா நம்பர் போட்டிருக்கீங்க. 13 எழுத்துக்கு 14 போட்டா வேர்ட் மிச்சத்த வெட்டி காட்டும். தலைப்புலதான் இது ஜாஸ்தி, ஏன்னா பாட்டுக்கு 18 போட்டத அப்படியே எல்லாத்துக்கும் போட்டிருப்பாங்க, தலைப்பு மட்டும் 20 பாயிண்ட்ல இருக்கும்.

சில வரி மட்டும் தள்ளி தள்ளி நிக்குதுன்னா அந்த வரில ஆங்கில சொல்லோ ஓம் குறியோ வேற ஃபாண்ட்ல நுழைஞ்சிருக்கும், அது வரிய தூக்கி விடுது. எல்லா வரிக்கும் Exactly போட்டா அடங்கிடும்.

## "வரி நடுவுல ஓட்ட ஓட்டயா இருக்கு"

ரெண்டு ஓரமும் நேரா வரணும்னு Justify போட்டதால. சொல்லு நீளம், வரிக்கு நாலஞ்சு சொல்லுதான், மிச்ச எடத்த எல்லாம் அந்த மூணு நாலு இடைவெளில திணிக்கும். பக்கத்த தலகீழா புடிச்சு கண்ண சுருக்கி பாருங்க, வெள்ளயா பொத்தல் தெரிஞ்சா எடது பக்கம் மட்டும் நேரா விட்டுடுங்க, வலது ஓரம் முன்ன பின்ன இருந்தா யாரும் கேக்க போறதில்ல. கமிட்டில யாராச்சும் "பேப்பர்ல எல்லாம் நேரா வருதே"ன்னு கேட்டா, அங்க வரி முடிவுல சொல்ல ஒடைச்சு அடுத்த வரிக்கு கொண்டு போறாங்கன்னு சொல்லுங்க. பாட்டு புக்குல அப்படி ஒடைக்க முடியாது, பாடறவரு மூச்சு விட்டுடுவாரு.

## "பாட்டு வரி மடிஞ்சு கீழ விழுது"

இதுக்கு ஒரு புக்க முழுசா சொல்றேன், மேல சொன்னது பாதி இதுல வந்துடும்.

ஒரு கோவில் மகளிர் குழு, இருவது பக்கம், ஏ5. போன வருசத்து புக்க கொண்டாந்து குடுத்தாங்க. பத்து வரி அளந்தா 43 மில்லி, அதாவது வரிக்கு 12.2 பாயிண்ட். அகலம் அளந்தா சுருக்கி அடிச்ச கேஸ், எழுத்து 8.5. 12.2ஐ 8.5ஆல வகுத்தா 1.43, ஆக வரி கேப் சரியாத்தான் இருக்கு. சுருக்கும்போது எழுத்தும் கேப்பும் சேந்துதான் சுருங்கும், அதனால இந்த விகிதம் மாறாது, குத்தம் முழுசா சைஸ்லதான்.

13க்கு 18 போடலாம்னு முடிவு. மேல 16 மில்லி, கீழ 18 மில்லி விட்டா எழுத்துக்கு 176 மில்லி ஒசரம், 18 பாயிண்ட்னா வரிக்கு 6.35 மில்லி, பக்கத்துக்கு 27 வரி. முன்ன 41 வரி கிட்ட இருந்துச்சு. அப்ப இருவது பக்கம் முப்பதாவும், பின் அடிக்கற புக்கு நாலு நாலாத்தான் போவும், முப்பத்திரெண்டு. பொருளாளர் அக்கா மூஞ்சி மாறிடுச்சு. 12க்கு 17 போட்டா 29 வரி, கொஞ்சம் நெருக்கி 28 பக்கத்துல அடக்கிடலாம்தான், ரெண்டையும் ஒரு ஒரு பக்கம் அடிச்சு அங்க இருந்த பெரியம்மாகிட்ட குடுத்தோம். 12ஐ படிச்சாங்க, ஆனா தாள கொஞ்சம் தள்ளி புடிச்சு. 13ஐ மடியில வச்சே படிச்சாங்க. 32ன்னே முடிவாச்சு.

அகலத்துலதான் சிக்கல் வந்துச்சு. உள் மார்ஜின் 18, வெளி 16, மிச்சம் 114 மில்லி, 13 பாயிண்ட்ல சுமாரா 27 எழுத்து. ஆறு சீர் வர்ற பாட்டுல கடைசி சொல்லு மட்டும் கீழ விழுந்துச்சு, பாத்தா அது அடுத்த அடி மாதிரி தெரியுது, நாலடி பாட்டு எட்டடி பாட்டு ஆயிடுச்சு.

இங்க செலவு கம்மியா இருக்கற வழிலேர்ந்து போங்க. ஒண்ணு, பக்கத்த சுத்தி பூ பார்டர் இருந்தா எடுங்க, அதுவே ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு மில்லி முழுங்கும். இவங்க புக்குல பார்டர் இல்ல. ரெண்டு, நீங்களே ஒடைங்க: மூணாவது சீர் முடிஞ்சதும் Shift+Enter அடிச்சு மிச்சத்த 8 மில்லி உள்ள தள்ளி போடுங்க. கண்ணுக்கு இது அந்த அடியோட தொடர்ச்சின்னு புரிஞ்சுடும், பாடறவங்களுக்கும் அங்கதான் நிறுத்தம் வரும். தானா மடிஞ்சு விழறதுக்கும் நாமளா ஒடைக்கறதுக்கும் வித்தியாசம் இதுதான். ஆனா ஒரு பாட்டுல ஒரு அடிய ஒடைச்சா நாலு அடியையும் அதே எடத்துல ஒடைக்கணும். மூணு, அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் சைஸ கொறைக்கறது. இத பண்ணாதீங்க, பக்கத்த திருப்பினதும் கண்ணு தடுக்கும்.

இவங்களுக்கு ரெண்டாவது வழி போட்டோம், வரி ஜாஸ்தி ஆனதுல முப்பது பக்கம் முப்பத்தொண்ணு ஆச்சு, எப்படியும் முப்பத்திரெண்டு அடிக்கப் போறதுதானே.

## "நடுவுல எழுத்து மடிப்புக்குள்ள போவுது"

உள் மார்ஜின் பத்து பன்னெண்டு மில்லிதான் விட்டிருப்பீங்க. பின் அடிச்ச புக்குக்கு 16லேர்ந்து 18 விடுங்க, கம் பைண்டிங்னா 20க்கு மேல, ஏன்னா அது முழுசா விரியாது. வேர்ட்ல Mirror margins போட மறக்காதீங்க, இல்லன்னா ஒரு பக்கத்துல சரியா வரும், எதிர் பக்கத்துல தப்பா வரும்.

## எப்ப ஆள கூப்பிடணும்

மேல சொன்னது எல்லாம் வீட்டுல உக்காந்து பண்ணலாம். ஆனா பக்கம் நாப்பத தாண்டி கம் பைண்டிங் போறீங்கன்னா, இல்ல பழைய பாமினி மாதிரி ஃபாண்ட்ல டைப் பண்ண ஃபைல யூனிகோடுக்கு மாத்தணும்னா, இல்ல கடையில அடிச்சா மட்டும் கொம்பும் காலும் எடம் மாறி நிக்குதுன்னா, தெரிஞ்ச லேஅவுட் ஆள்கிட்ட குடுத்துடுங்க. இன்டிசைன்ல கொம்பு மாறுறது Adobe World-Ready Paragraph Composer போடாததால வர்றது, தெரிஞ்சவருக்கு ரெண்டு நிமிசம் வேல, தெரியாதவரு ஒவ்வொரு சொல்லா திருத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு.

ஏற்கனவே ஐநூறு காப்பி அடிச்சு வந்துடுச்சு, எழுத்து 8.5ன்னா அதுக்கு எந்த ஆளும் ஒண்ணும் பண்ண முடியாது. அதனால ஆர்டர் குடுக்கும்போதே கடைக்காரர்கிட்ட மெசேஜ்ல எழுத்துல போட்டுடுங்க: ஃபைல் ஏ5ல இருக்கு, 100 சதவீதத்துல அடிங்க, சுருக்காதீங்க, மொதல்ல மடிச்சு பின் போட்ட ஒரு காப்பி குடுங்க, நான் அளந்து பாத்து சரின்னு சொன்னப்பறம் மிச்சத்த ஓட்டுங்க.